பாக்கி எப்போது வரும், எவ்வளவு வராது: சிறு சப்ளையரின் வரவு பட்ஜெட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் சிறு யூனிட்களுக்குக் கணக்கு பார்ப்பது என் தொழில். கீழே வரும் கேள்விகள் பெரும்பாலும் ஆம்பூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஷூ கம்பெனிகளுக்கும் தோல் தொழிற்சாலைகளுக்கும் சரக்கு போடுகிறவர்கள் கேட்டவை. உதாரணம் ஒன்றே ஒன்றுதான்: பேர்ணாம்பட்டு பக்கம் ஷூ பெட்டி செய்கிற ஒரு யூனிட். ஒரு பெரிய பார்ட்டி, முப்பது சொச்சம் சின்னப் பார்ட்டிகள். கணக்கு எளிதாக இருக்க எண்களை முழுசாக்கியிருக்கிறேன்.

பார்ட்டிக்கு 60 நாள் கிரெடிட். அப்போ ஜூன் சேல்ஸ் ஆகஸ்டில் வரும் என்று போட்டால் போதாதா?

போதாது. 60 நாள் என்பது நீங்கள் கொடுத்த கெடு, அவர் பணம் கொடுக்கும் வழக்கம் அதுவல்ல. பெட்டி யூனிட்காரர் இப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஜூனில் சின்னப் பார்ட்டிகளுக்கு 9 லட்சத்துக்கு பில் போட்டார், ஆகஸ்ட் வரவில் 9 லட்சம் என்று எழுதினார், அதை நம்பி பேப்பர் மில்லுக்கு செக் கொடுத்தார். வந்தது ஏழு லட்சத்துச் சொச்சம்.

நாலைந்து மாத பில்களில் இருந்து துண்டு துண்டாக வருவதுதான் ஒரு மாத வரவு. கையில் காசு கொடுத்து எடுத்துப் போகிறவர் அதே மாதம் கொடுத்துவிடுவார். சிலர் அடுத்த மாதம், பலர் அதற்கடுத்த மாதம். சிலர் நாலு தடவை போன் போட்ட பிறகு. ஆகவே ஒரு மாதம் போட்ட பில்லில் 100 ரூபாய்க்கு எவ்வளவு எந்த மாதத்தில் வந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அந்த சதவீதத்தை எங்கிருந்து எடுப்பது? குத்துமதிப்பாகப் போடலாமா?

உங்கள் பழைய பில்களில் இருந்தே எடுக்கலாம். ஒருநாள் வேலை. முழுசாக அடங்கிப்போன ஒரு வருடத்தை எடுங்கள். அதாவது வரவேண்டியது வந்து, வராதது வராது என்று தெரிந்துவிட்ட வருடம். போன வருடத்தை எடுத்தால் கணக்கு கோணும், அதன் கடைசி மாத பில்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

பிறகு ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே இரண்டு விஷயம் எழுதுங்கள்: பில் போட்ட மாதம், பணம் வந்த மாதம். பில் தொகை ஜிஎஸ்டி சேர்த்தே இருக்கட்டும், பார்ட்டி கொடுப்பது வரியும் சேர்ந்த பணம்தானே. இரண்டுக்கும் உள்ள இடைவெளி எத்தனை மாதம் என்று பிரித்துக் கூட்டினால் சதவீதம் வந்துவிடும்.

பெட்டி யூனிட்டில் சின்னப் பார்ட்டிகளுக்குக் கிடைத்தது இது. 100 ரூபாய் பில்லில் அதே மாதம் 10 வந்தது. அடுத்த மாதம் 25, இரண்டாம் மாதம் 35, மூன்றாம் மாதம் 18. நான்காம், ஐந்தாம் மாதங்களில் தலா 4. ஆக மொத்தம் 96. மீதி நாலில் 2 ரூபாய், பிரின்ட் சரியில்லை, எண்ணிக்கை குறைவு, ரேட்டில் குறை என்று பார்ட்டி பிடித்துக்கொண்டது. கடைசி 2 ரூபாய் வரவே இல்லை. வராக்கடன் என்று நாம் சொல்வது இந்த 2-ஐ மட்டும்தான்.

பிடித்தத்தையும் வராக்கடனையும் சேர்த்து ஒரே 4 என்று போட்டுவிடாதீர்கள். பிடித்தம் உங்கள் பிரின்டிங் செக்‌ஷனில் பார்க்கவேண்டிய வியாதி, வராக்கடன் பார்ட்டியைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள வியாதி.

டேலியில் எடுக்கப் பார்த்தேன். எந்தப் பணம் எந்த பில்லுக்கு என்றே தெரியவில்லையே?

ரசீது போடும்போது பையன் `Agst Ref` கொடுக்காமல் `On Account` என்று தட்டிவிட்டுப் போயிருப்பான். பார்ட்டியின் மொத்த பாக்கி சரியாகவே இருக்கும், பில்வாரிக் கணக்கு மட்டும் குழம்பிவிடும். இரண்டு வருடம் முன்பே பணம் வந்த பில்கூட இன்னும் பாக்கி என்று நிற்கும். அதைப் பார்த்து ‘பயங்கர வராக்கடன்’ என்று பயந்தவர்களும் உண்டு.

பழசைச் சரி செய்ய, பார்ட்டி அனுப்பிய பேமெண்ட் அட்வைஸ் இருந்தால் அதன்படி பில்லோடு சேருங்கள். இல்லாவிட்டால் பழைய பில்லில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கழியுங்கள். இன்றிலிருந்து வரும் ரசீதுகளை பில் எண் கேட்டு `Agst Ref`-இல் போடச் சொல்லுங்கள். இது சரியாகாமல் மேலே சொன்ன சதவீதத்தை எடுக்கவே முடியாது.

சரி, சதவீதம் கையில் இருக்கிறது. ஆகஸ்டுக்கு எவ்வளவு என்று போட்டுக் காட்டுங்கள்.

சின்னப் பார்ட்டிகளுக்குப் போட்ட பில்கள், லட்சத்தில்: மார்ச் 5, ஏப்ரல் 6, மே 6, ஜூன் 9, ஜூலை 8. ஆகஸ்டில் 8 போடுவோம் என்று எதிர்பார்ப்பு.

ஆகஸ்ட் பில்லில் 10 சதவீதம் அதே மாதம் வரும், அது 80 ஆயிரம். ஜூலையின் 8-இல் 25 சதவீதம், 2 லட்சம். ஜூனின் 9-இல் 35 சதவீதம், 3.15 லட்சம். மேயின் 6-இல் 18 சதவீதம், 1.08 லட்சம். ஏப்ரலில் இருந்து 24 ஆயிரமும் மார்ச்சில் இருந்து 20 ஆயிரமும் சொட்டும். கூட்டினால் 7.47 லட்சம். யூனிட்காரர் எழுதியிருந்த 9-க்கும் இதற்கும் ஒன்றரை லட்சம் வித்தியாசம். அவருக்கு அது ஒரு லோடு பேப்பர்.

எக்செலில் B2 முதல் G2 வரை மார்ச் தொடங்கி ஆகஸ்ட் வரை பில் தொகையைப் போட்டு, G3-இல் இதை எழுதி வலப்பக்கம் இழுத்தால் அடுத்த மாதங்களும் வந்துவிடும்:

```
=G2*0.10+F2*0.25+E2*0.35+D2*0.18+C2*0.04+B2*0.04
```

ஒன்றைக் கவனியுங்கள். ஆகஸ்ட் சேல்ஸ் எதிர்பார்த்ததில் பாதியாகப் போனாலும் ஆகஸ்ட் வரவில் 40 ஆயிரம்தான் குறையும். அடி விழுவது அக்டோபரில். ஆர்டர் குறைந்த மாதத்தில் பணம் தாராளமாக வருவதைப் பார்த்து ஏமாறுவது இதனால்தான்.

பெரிய பார்ட்டி ஒருவர், மாதம் 5 லட்சம். அவரையும் இதே சதவீதத்தில் சேர்க்கலாமா?

வேண்டாம். முப்பது பேர் சேர்ந்தால்தான் சதவீதம் பேசும். ஒரே ஆள் என்றால் 5 லட்சம் வரும், இல்லாவிட்டால் வராது. ‘வருவதற்கு 60 சதவீதம் வாய்ப்பு, ஆகவே 3 லட்சம்’ என்று எழுதினால், எந்த மாதமும் நடக்கவே நடக்காத ஓர் எண்ணை பட்ஜெட்டில் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அவருக்கு பில் பில்லாக, தேதி போட்டுக் கணக்கு வையுங்கள். அவர் நாளை எப்படி எண்ணுகிறார் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் உங்கள் பில் தேதியில் இருந்து எண்ணுவதில்லை. சரக்கு கேட்டில் இறங்கி, ஸ்டோர்ஸ் எண்ணிப் பார்த்து, இன்வர்டு போட்ட தேதியில் இருந்து எண்ணுகிறார்கள். பேமெண்ட்டும் தினமும் போடமாட்டார்கள், அதற்கென்று நாள் உண்டு.

நம் பெட்டி யூனிட்டின் பெரிய பார்ட்டி மாதம் 10-ஆம் தேதியும் 25-ஆம் தேதியும் பணம் போடுகிறவர். ஜூன் 20 பில்லுக்கு ஜூன் 24-இல் இன்வர்டு விழுந்தால் 60 நாள் ஆகஸ்ட் 23-இல் முடியும், 25-ஆம் தேதி பணம் வந்துவிடும். அதே சரக்குக்கு ஜூன் 27-இல் இன்வர்டு விழுந்தால் 60 நாள் ஆகஸ்ட் 26. 25-ஐத் தவறவிட்டாயிற்று, இனி செப்டம்பர் 10-தான். ஸ்டோர்ஸில் மூன்று நாள் தாமதம், பணத்தில் பதினாறு நாள் தாமதம். மாதக் கடைசிச் சம்பளமும் கரண்ட் பில்லும் இந்தப் பதினாறு நாளில்தான் மாட்டிக்கொள்ளும்.

ஆகவே சரக்கு போன மறுநாளே ‘பாய், நம்ம லோடு இன்வர்டு ஆயிடுச்சா, நம்பர் சொல்லுங்க’ என்று கேட்டு அந்தத் தேதியை எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். அறுபதாம் நாள் ‘பணம் எப்போ’ என்று கேட்பதைவிட இது நூறு மடங்கு பயன் தரும்.

பட்ஜெட்டில் இரண்டு வரி போடுங்கள்: பெரிய பார்ட்டி பணம் வந்தால் மொத்த வரவு 12.47 லட்சம், வராவிட்டால் 7.47 லட்சம். அந்த மாதம் தள்ளிப்போட முடியாத செலவு இரண்டாவது எண்ணுக்குள் அடங்குகிறதா என்பதுதான் உங்கள் கேள்வி. அடங்காவிட்டால் ஓவர்டிராஃப்ட்டா, பேப்பர் மில்லிடம் அவகாசமா என்பதை மாதம் பிறக்கும் முன்பே பேசிவிடலாம்.

வராக்கடன் 2 சதவீதம் என்று எல்லோரும் போடுகிறார்கள். அதை நம்பலாமா?

இந்த யூனிட்டில் 2 வந்தது. உங்களுக்கு அரையாகவும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். அதைவிட, அந்த 2 எப்படி வந்தது என்று பாருங்கள். அடங்கிய மூன்று வருடத்தில் சின்னப் பார்ட்டிகளுக்குப் போட்ட பில் 2.40 கோடி. வராமலே போனது 4.80 லட்சம். ஆனால் அதில் 3 லட்சம் இரண்டே இரண்டு பார்ட்டிகளிடம் போனது. சில்லறையாகப் போனது 1.80 லட்சம், முக்கால் சதவீதம்தான்.

அதாவது மாதாமாதம் 2 சதவீதம் ஒழுகவில்லை. மாதாமாதம் கொஞ்சம் ஒழுகும், என்றோ ஒருநாள் குடமே உடையும். வருட பட்ஜெட்டுக்கு 2 போடுவது சரி. மாத வரவுக்கு அதோடு இன்னொன்றையும் பார்க்கிறேன்: 90 நாள் தாண்டிய பார்ட்டிகளில் பெரிய பாக்கி யாருடையது, அது வராவிட்டால் இந்த மாதம் தாங்குமா?

பில்லின் வயதைப் பொறுத்தும் இந்த 2 மாறும். மேலே உள்ள சதவீதத்தையே பாருங்கள். மூன்றாம் மாதம் முடியும்போது 100-இல் 88 வந்துவிட்டது, நிற்பது 12. அதில் 8 வரும், பிடித்தமும் வராக்கடனும் சேர்ந்த 4 வராது. புதிதாகப் போட்ட பில்லில் நூற்றுக்கு நாலு குறையும். அதே பில் மூன்று மாதம் தாண்டி நின்றுவிட்டால் மூன்றில் ஒரு பங்கு குறையும். பாக்கி லிஸ்டில் உள்ள எல்லாவற்றின் மீதும் ஒரே 2 சதவீதம் போடுகிறவர் பழைய பாக்கியைத் தங்கமாக மதிக்கிறார்.

வராக்கடனுக்கு ஒதுக்கும் தொகையைச் செலவு பக்கத்திலும் எழுத வேண்டுமா?

பண பட்ஜெட்டில் எழுதக் கூடாது. 100-க்கு 96 என்று வரவிலேயே குறைத்துவிட்டீர்கள். செலவிலும் எழுதினால் ஒரே நஷ்டத்தை இரண்டு தடவை கழித்ததாகும். அதோடு, வராக்கடனுக்காக யாருக்கும் நீங்கள் பணம் கொடுப்பதில்லை. லாபநட்டக் கணக்கில் அது செலவு, அது வேறு ஏடு.

வருமான வரியில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒதுக்கீடு மட்டும் செய்தால் கழிவு கிடையாது, அந்தப் பார்ட்டியின் பாக்கியை ஏட்டில் இருந்து உண்மையிலேயே தள்ளுபடி செய்திருக்க வேண்டும்.

வராத பில்லுக்குக் கட்டிய ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதி மாத ரிட்டர்னில் வரியைக் கட்டிவிடுகிறீர்கள், பார்ட்டி கொடுத்தாரா என்று யாரும் கேட்பதில்லை. வராக்கடனுக்கு ஜிஎஸ்டி சட்டத்தில் நிவாரணம் இல்லை. நஷ்டம் என்பது வரியும் சேர்ந்த முழு பில் தொகை.

பிடித்தம் வேறு. சரக்குக் குறைபாட்டுக்கோ ரேட் வித்தியாசத்துக்கோ விட்டுக்கொடுத்தால் ஜிஎஸ்டி கிரெடிட் நோட் போட்டு அந்த வரியைக் குறைத்துக்கொள்ளலாம். அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் ரிட்டர்னில் காட்ட வேண்டும். பலர் பிடித்தத்தைப் பேசாமல் விட்டுவிட்டு வரியையும் சேர்த்து இழக்கிறார்கள்.

இன்னொன்று உங்கள் பக்கம் இருக்கிறது. பில் தேதியில் இருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காத பார்ட்டி, அந்த பில்லில் எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டும். 150-ஆம் நாள் அவருடைய ஆடிட்டருக்கு இதை மரியாதையாக நினைவூட்டிப் பாருங்கள்.

லேட்டாகிறதா, போயே போச்சா, எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

நான் சூடுபட்டுக் கற்றது ஒன்று. இரண்டு பார்ட்டிகளிடம் போன அந்த 3 லட்சத்தில் 1.10 லட்சம் பாக்கி வைத்துப் போன பார்ட்டி, இரண்டு வருடம் பில் வாரியாகக் கொடுத்தவர். 38,640 என்றால் 38,640 வரும். பிறகு ஒரு மாதம் 15,000 வந்தது. அடுத்து 10,000. எந்த பில்லுக்கு என்று கேட்டால் ‘அக்கவுண்ட்ல போட்டுக்கோங்க சார்’ என்றார்கள். பணம் வந்துகொண்டுதானே இருக்கிறது என்று யூனிட்காரருக்குத் திருப்தி. நானும் பேசாமல் விட்டேன். ரவுண்டாகக் கொடுக்கிறவர் கையில் இருப்பதைத்தான் கொடுக்கிறார், பில்லைப் பார்த்துக் கொடுக்கவில்லை என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை. ஒரு பக்கம் 10,000 கொடுத்துக்கொண்டே மறுபக்கம் 25,000-க்குப் புதுச் சரக்கு எடுத்தார். நாலு மாதத்தில் ஷட்டர் இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பில் வாரியாகக் கொடுத்தவர் ரவுண்டு தொகைக்கு மாறினால், அன்றே அவரைச் சதவீதக் கூட்டத்தில் இருந்து எடுத்துத் தனி வரியில் போட்டுவிடுவேன். வரவு பூஜ்யம். வந்தால் லாபம்.

செக் கொடுத்து ‘ஒரு வாரம் கழிச்சுப் போடுங்க’ என்கிறவரும் அதே வரியில்தான். பின்தேதியிட்ட செக், பாஸ் ஆகும்வரை வரவு ஆகாது. திரும்பினால் வங்கி மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

வெறுமனே லேட் ஆகிறவர் அப்படி இல்லை. பில் எண்ணைச் சரியாகச் சொல்வார், பாக்கி எவ்வளவு என்று ஒத்துக்கொள்வார், தேதி மட்டும் தள்ளும். அவரிடம் வருடம் ஒருமுறை பாக்கியை உறுதிசெய்து கையெழுத்து வாங்குங்கள். கடன் வழக்குக்கான மூன்று வருட காலக்கெடு அந்தத் தேதியில் இருந்து புதிதாக ஓடும்.

நாங்கள் உத்யம் பதிவு செய்த யூனிட். 45 நாளில் கொடுக்கணும் என்று சட்டமே இருக்கே, 45 நாளையே போடலாமா?

2006-ஆம் ஆண்டின் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது, ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. ஆனால் அடுத்த ஆர்டரும் வேண்டும் என்கிறவர் யாரும் அந்த வட்டியைக் கேட்பதில்லை. 45 நாளையோ வட்டியையோ வரவில் எழுதாதீர்கள்.

பட்ஜெட்டில் இந்தச் சட்டம் தெரிகிற இடம் மார்ச் மாதம். 2023–24 கணக்காண்டு முதல், குறு, சிறு யூனிட்களுக்குக் கெடு தாண்டி பாக்கி வைத்திருக்கும் தொகையை, கொடுக்கிற வருடத்தில்தான் வாங்குகிறவர் செலவாகக் கழிக்க முடியும். அதனால் ஜனவரி, பிப்ரவரி முதல் பாதி பில்களை மார்ச் 31-க்குள் தீர்த்துவிடப் பார்க்கிறார்கள். மார்ச் வரவு உப்பும், ஏப்ரல் வற்றும். சதவீதம் எடுக்கும்போது இந்த இரண்டு மாதத்தையும் தனியே பாருங்கள். இந்தப் பலன் உற்பத்தி, சேவை யூனிட்களுக்குத்தான், வாங்கி விற்கும் வியாபாரிக்கு இல்லை.

போன வருடம் இதே மாதம் வந்ததையே இந்த வருடமும் போடலாமா?

தீபாவளி மாதத்துக்கு ஓரளவு போடலாம், ரம்ஜான் மாதத்துக்குப் போட்டால் தவறும். போனஸும் சம்பளமும் போகிற மாதத்தில் சப்ளையர் பேமெண்ட் அடுத்த மாதத்துக்குத் தள்ளும், நம் பகுதியில் எல்லோரும் பார்ப்பதுதான். ஆனால் ரம்ஜான் வருடா வருடம் ஏறக்குறைய 11 நாள் முன்னே வருகிறது. மூன்று வருடத்தில் ஒரு மாதம் நகர்ந்துவிடும். ஆங்கில மாதத்தை வைத்து ஒப்பிடாமல் பண்டிகையை வைத்து ஒப்பிடுங்கள்.

பழைய சதவீதமே செல்லாத காலமும் உண்டு. 2020 மாதங்களைக் கணக்கில் இருந்தே எடுத்துவிட்டேன். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, அந்தச் சந்தைக்கு ஷூ அனுப்பிய பார்ட்டிகளைத் தனியே பிரித்து, ஒவ்வொருவர் பணத்தையும் ஒரு மாதம் தள்ளி வைத்துத்தான் போட்டோம்.

மாத முடிவில் பட்ஜெட் தப்பினால் சதவீதத்தை மாற்றலாமா?

எந்த மாத பில்லில் தப்பியது என்று முதலில் பாருங்கள். நம் யூனிட்டில் அந்த ஆகஸ்டில் சின்னப் பார்ட்டிகளிடம் இருந்து வந்தது 7.10 லட்சம், 37 ஆயிரம் குறைவு. பிரித்துப் பார்த்தால் ஜூன் பில்லில் 3.15-க்கு 2.70 வந்திருந்தது, மற்ற மாதங்களில் கூடுதலாக 8 ஆயிரம். ஜூனில் குறைந்த 45 ஆயிரமும் ஒரே ஜாப் ஒர்க் பார்ட்டியுடையது. செப்டம்பர் 6-ஆம் தேதி வந்துவிட்டது. அதனால் சதவீதத்தைத் தொடவில்லை. இரண்டாம் மாதத்து 35, மூன்று மாதம் தொடர்ந்து 30-க்குக் கீழே நின்றிருந்தால் மாற்றியிருப்பேன்.

தள்ளுபடி செய்த பழைய பாக்கி திடீரென்று வந்தால்?

வந்த மாதம் வரவில் எழுதுங்கள், அந்த வருட வருமானமாக வரிக்கும் காட்டுங்கள். எதிர்பார்த்து பட்ஜெட்டில் எழுதாதீர்கள். ஷட்டர் இறக்கிய அந்தப் பார்ட்டி ஒருநாள் யூனிட்டுக்கே வந்து 20,000 வைத்துவிட்டுப் போனார். மீதி 90 ஆயிரத்துக்கு இன்னும் பட்ஜெட்டில் பூஜ்யம்தான்.